எட்டு நொடிக்கு ஒரு சொல்

வாலிபாலில் நடுவர் விசில் ஊதியதிலிருந்து எட்டு நொடிக்குள் சர்வீஸ் போட்டாக வேண்டும். ஆட்டத்தின் மற்ற நேரமெல்லாம் பந்து எங்கிருந்தோ பாய்ந்து வரும், யோசிக்கவே இடமிருக்காது. சர்வீஸில் மட்டும் பந்து நம் கையில் இருக்கிறது. தடுப்பார் யாருமில்லை, அவசரப்படுத்துவார் யாருமில்லை, இரண்டு அணியும் சுற்றி நிற்பவர்களும் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டு நொடி மிக நீண்ட நேரம். கெட்ட நினைப்புகள் வரிசையாக வந்து உட்கார அது தாராளமாகப் போதும்.

பள்ளி அணிப் பிள்ளைகளிடம், அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். "நெட்ல போட்டுடக் கூடாது", "போன தடவையும் இங்கதான் விட்டேன்", "சார் பாக்கறாரு" என்ற ரகத்தில்தான் பதில் வரும். போதாக்குறைக்குக் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆசிரியரோ அப்பாவோ, "நெட்ல போட்டுடாத!" என்று உரக்கச் சொல்லி அதே நினைப்புக்கு முத்திரை குத்துவார். பந்து நேராகப் போய் நெட்டில் விழும்.

இப்படி ஆடுகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பேச்சை விளையாட்டு உளவியலில் தனிப் பாடமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை அதன் போக்கில் விடாமல், முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு குறிச்சொற்களைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. கிரேக்க நாட்டின் தெசாலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹட்ஸிஜார்ஜியாடிஸும் அவருடைய குழுவினரும் அதுவரை நடந்திருந்த 32 ஆய்வுகளைத் திரட்டி 2011இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். பழக்க முடியும், பலனும் உண்டு என்பது அவர்கள் முடிவு. பலன் மிதமானது, மந்திரம் போட்டதுபோல் எதுவும் நடந்துவிடாது. அந்தத் தொகுப்பில் நம் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும் மூன்று செய்திகள் இருந்தன. உடல் பலத்தைக் காட்டும் வேலைகளைவிடக் குறிபார்த்துச் செய்யும் நுட்பமான வேலைகளில் குறிச்சொல் கூடுதலாக உதவுகிறது. கைவந்த வித்தையைவிடப் புதிதாகக் கற்கும் வித்தையில் கூடுதலாக உதவுகிறது. சொல்லைச் சும்மா கொடுத்து அனுப்பியவர்களைவிட, அதை முறையாகப் பயிற்றுவித்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது. இப்போதுதான் ஓவர்ஹெட் சர்வீஸ் பழகும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் இரண்டும் தாமாகவே பொருந்திவிடுகின்றன. மூன்றாவது நம் கையில் இருக்கிறது.

எந்தச் சொல்லைக் கொடுப்பது? இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். நேர்மறைப் பேச்சு என்றதும் "உன்னால் முடியும்", "நான் ஜெயிப்பேன்", "நான்தான் பெஸ்ட்" என்று சுவரில் ஒட்டும் வாசகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஊக்கம் தரும் சொற்களுக்கும் இடமுண்டு. ஆனால் எல்லா இடத்திலும் அவை வேலை செய்வதில்லை. கிரேக்க ஆய்வாளர் தியோடொராகிஸ் 2000இல் வெளியிட்ட சோதனைகளில், கால்பந்தைக் குறிபார்த்து உதைப்பது, பாட்மின்டன் சர்வீஸ் ஆகிய இரண்டிலும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சொற்களே கைகொடுத்தன. முழங்காலை நீட்டித் தள்ளும் பலச் சோதனையில் மட்டும் ஊக்கச் சொல்லும் அதே அளவு உதவியது. நானூறு மீட்டரின் கடைசி வளைவில் "விடாதே, தள்ளு" என்பது நல்ல சொல். சர்வீஸ் கோட்டில் அதையே சொல்லிக்கொண்டால் கை இறுகும், அவ்வளவுதான்.

புகழ்ச்சி வாசகத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கனடாவில் ஜோவான் வுட் என்ற உளவியலாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லாதவர்களை "நான் அன்புக்குரியவன்" என்ற பொருளில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்களுடைய மனநிலை மோசமாக இருந்தது. காரணம் புரியாததல்ல. சொல்லச் சொல்ல உள்ளே இன்னொரு குரல் "அப்படியா?" என்று கேட்கும். அது விளையாட்டு ஆய்வல்ல, பங்கேற்றவர்கள் கல்லூரி வயதினர். ஆனாலும் தொடர்ந்து நான்கு சர்வீஸை விட்ட பிள்ளையிடம் "நான் சூப்பரா சர்வீஸ் போடுவேன்னு சொல்லு" என்று கேட்பது இதே வம்புதான். அவளுக்கே அது பொய் என்று தெரியும். "பந்தை முன்னாடி தூக்கு" என்பதில் நம்புவதற்கும் மறுப்பதற்கும் எதுவும் இல்லை, செய்ய மட்டுமே இருக்கிறது.

"செய்யாதே" என்ற வகைச் சொல் ஏன் ஆகாது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரின் சோதனைகள் பேர்போனவை. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் வெள்ளைக் கரடிதான் நினைவில் வந்து நிற்கும் என்று 1987இல் காட்டியவர் அவர். 1998இல் அவரும் கூட்டாளிகளும் கோல்ஃப் பந்தை வைத்துப் பார்த்தார்கள். குறியைத் தாண்டி அடித்துவிடாதே என்று சொல்லப்பட்டவர்கள், ஓர் ஆறிலக்க எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டியிருந்தபோது, குறியைத் தாண்டியே அதிகம் அடித்தார்கள். மனசுக்கு வேறு பாரம் இருக்கும் நேரத்தில்தான் இது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சியில் "நெட்ல போடாத" என்று கத்தினால் பெரிய சேதம் இல்லாமல் போகலாம். 23-23 என்று நிற்கும்போது பிள்ளையின் தலையில் ஏற்கெனவே பாரம் இருக்கிறது.

இனி ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு, பள்ளி அணியில் புதிதாகச் சேர்ந்தவள், ஆறு வாரத்தில் குறுவட்டப் போட்டி என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியில் இருபது சர்வீஸில் பத்துப் பதினொன்று உள்ளே விழுகிறது. விழாதவற்றில் பெரும்பாலானவை நெட்டில்.

முதல் வேலை சொல்லைத் தேடுவதல்ல, தவறு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது. பந்து நெட்டில் விழுந்தால் கையில் பலமில்லை என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். இந்த வயதில் பல நேரம் கோளாறு அடிக்கும் கையில் இருக்காது, தூக்கிப்போடும் கையில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சாக்குக் கட்டி போதும். அவளை வழக்கம்போல் பந்தைத் தூக்கிப்போடச் சொல்லி, அடிக்காமல் விட்டுவிடச் சொல்ல வேண்டும். பந்து தரையில் விழும் இடத்தில் ஒரு புள்ளி. பத்துத் தடவை, பத்துப் புள்ளி. அடிக்கும் தோளுக்கு நேரே, முன்காலுக்குக் கொஞ்சம் முன்னால் புள்ளிகள் ஒன்றாகக் குவிந்திருந்தால் தூக்கிப்போடுவதில் பழுதில்லை. நம் பிள்ளைக்குப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. சில தலைக்குப் பின்னால், சில இடப்பக்கம் வெகு தூரத்தில். ஒவ்வொரு தடவையும் பந்து ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் கை அதைத் தேடிக்கொண்டு போகிறது. பந்து முகத்துக்குக் கீழே இறங்கிய பிறகு அடித்தால் அது நெட்டுக்குத்தான் போகும்.

ஆக, சொல் எதைச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. பந்து முன்னால் போக வேண்டும், பிறகு உள்ளங்கையின் அடிப்பாகம் அதை உறுதியாகச் சந்திக்க வேண்டும். இரண்டு அசைவு, இரண்டு சொல். அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, கால் என்று ஆசிரியருக்குத் தெரிந்ததையெல்லாம் சேர்த்தால் எட்டு நொடி போதாது, பிள்ளையின் தலையும் கொள்ளாது.

சொல்லை அவளே தேர்ந்தெடுக்கட்டும். "முன்னாடி போடறதுக்கு ஒரு சொல்லு சொல்லு, அடிக்கறதுக்கு ஒரு சொல்லு சொல்லு" என்று கேட்டால் போதும். பிள்ளைகள் அகராதியைத் தேடிப் போக மாட்டார்கள். நம் பிள்ளை "முன்னாடி... டப்" என்று சொல்கிறாள். அருமையான சொல். 'முன்னாடி' என்று இழுக்கும் நேரத்தில் பந்து மேலே போகிறது, 'டப்' என்னும்போது கை பந்தில் படுகிறது. பொருளும் தாளமும் ஒன்றாகவே வந்துவிட்டன. இதைத் திருத்தி நல்ல தமிழில் மாற்றிக் கொடுக்கும் ஆசை ஆசிரியருக்கு வரலாம். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

பழக்கும் முறைக்கு ஒரு பழைய, பக்குவமான வழி இருக்கிறது. மைக்கன்பாம், குட்மேன் என்ற இருவர் 1971இல், அவசரப்பட்டுத் தப்புச் செய்யும் பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுத்தது. அவர்களுடைய வேலை வகுப்பறையில். ஆனால் அது மைதானத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. முதலில் பெரியவர் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்துகாட்டுவார். அடுத்து அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்யும். பிறகு பிள்ளை தானே உரக்கச் சொல்லிச் செய்யும். பிறகு முணுமுணுப்பு. கடைசியில் வாய் அசையாமல் மனசுக்குள்.

இதில் மூன்றாவது படியை அவசரமாகத் தாண்டக் கூடாது. பிள்ளை உரக்கச் சொல்லும்போதுதான் உள்ளே நடப்பது நம் காதுக்குக் கேட்கிறது. 'டப்' பந்தில் கை பட்ட பிறகு வந்தால், சொல் வேலை செய்யவில்லை, நடந்ததற்குப் பின்பாட்டுப் பாடுகிறது. 'முன்னாடிடப்' என்று ஒரே மூச்சில் வந்தால் அவள் பந்தைத் தூக்கும்போதே அடிக்கத் தயாராகிவிட்டாள் என்று பொருள். மூன்றாவது பந்தில் கத்தலாகவும் ஏழாவதில் முனகலாகவும் வந்தால் கவனம் எங்கோ போய்விட்டது. முதலிரண்டு நாள் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு சொல் கொடுத்துவிட்டால் சிரிப்பு தானாக அடங்கும்.

ஒரு வாரம், பத்து நாள் இப்படிப் போகட்டும். ஒவ்வொரு பயிற்சி நாளிலும் இருபது சர்வீஸை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை சாக்குப் புள்ளியும் வைக்க வேண்டும். இருபதில் ஒன்றிரண்டு கூடுவதும் குறைவதும் எந்த நாளிலும் நடப்பதுதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் மாற வேண்டியது புள்ளிகள். அவை ஓரிடத்தில் குவியத் தொடங்கினால் சொல் பிடித்துக்கொண்டது. உள்ளே விழும் எண்ணிக்கை சற்றுப் பின்னால் வரும். இரண்டு வாரம் ஆகியும் புள்ளிகள் சிதறியே கிடந்தால் சொல்லை மாற்றிப் பார்க்கலாம், அல்லது தூக்கிப்போடுவதையே தனியாகப் பழக்க வேண்டியிருக்கும். தெரியாத அசைவை எந்தச் சொல்லும் செய்ய வைக்காது.

மூன்றாம் வாரத்திலிருந்து விசில் வர வேண்டும். ஆசிரியர் விசில் ஊதுகிறார், அவள் பந்தை இரண்டு தடவை தரையில் தட்டுகிறாள், ஒருமுறை மூச்சை நிதானமாக வெளியே விடுகிறாள், எதிர்க் களத்தைப் பார்க்கிறாள், 'முன்னாடி... டப்'. எட்டு நொடிக்குள் இது சௌகரியமாக முடிந்துவிடும். ஒரு தடவை தூக்கிப்போட்ட பந்தை அடித்தே ஆக வேண்டும், விட்டுவிட்டு மறுபடி தூக்க விதி இடம்தராது. இதையும் பிள்ளை தெரிந்துவைத்திருக்க வேண்டும். பயிற்சி முடியும் நேரத்தில், கால் சோர்ந்திருக்கும்போது, மற்றவர்கள் சுற்றி நின்று கூச்சல் போட, ஆளுக்கு ஒரே ஒரு சர்வீஸ். விட்டவர் அன்றைக்குப் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட வேண்டும். இவ்வளவு சின்னப் பந்தயமே நெஞ்சைக் கொஞ்சம் படபடக்க வைத்துவிடும். குறிச்சொல் அந்தப் படபடப்போடு பழக வேண்டும். அமைதியான மைதானத்தில் மட்டும் சொன்ன சொல் கூட்டத்துக்கு நடுவே நினைவுக்கு வராது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் இளம் நீச்சல் வீரர்களுக்குப் பத்து வாரம் இப்படிச் சொற்களைப் பழக்கிய பிறகே போட்டியில் அவர்களுடைய நேரத்தைப் பார்த்தார்கள். பழகாதவர்களைவிட அவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

எவ்வளவு பழகினாலும் சர்வீஸ் நெட்டில் விழும் நாள் வரும். வாலிபாலில் அதற்குப் பிறகு மூச்சுவிடக்கூட நேரமில்லை. பாயின்ட் எதிரணிக்குப் போகிறது, அவர்கள் சர்வீஸ் போடுகிறார்கள். விட்டவள் ஓடிவந்து களத்துக்குள் நின்று அந்தப் பந்தை எடுக்கவும் வேண்டும். "ஐயோ, விட்டுட்டேனே" என்று அவள் தலை குனிந்து நிற்கும்போது அடுத்த பந்து அவளிடமே வரும். விவரம் தெரிந்த எதிரணி அவளைப் பார்த்துத்தான் போடும்.

அமெரிக்காவில் வான் ரால்டியும் சக ஆய்வாளர்களும் இளம் டென்னிஸ் வீரர்கள் 24 பேரைப் போட்டிகளில் உட்கார்ந்து கவனித்து 1994இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தோற்றவர்களிடம் தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் பேச்சு அதிகம் தென்பட்டது. காதில் விழுந்த உற்சாகப் பேச்சுக்கும் வெற்றிக்கும் தொடர்பு காணப்படவில்லை. திட்டிக்கொண்டதால் தோற்றார்களா, தோற்றுக்கொண்டிருந்ததால் திட்டிக்கொண்டார்களா என்பதை இப்படிக் கவனிப்பதால் மட்டும் சொல்லிவிட முடியாது. என் கணிப்பில் இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. ஆகவே தவறுக்குப் பிறகு சொல்ல இரண்டாவதாக ஒரு சொல் தேவை. அது புகழ வேண்டியதில்லை, தேற்றவும் வேண்டியதில்லை. திட்டு வந்து உட்காரும் இடத்தை நிரப்பிவிட்டால் போதும்.

இதற்கும் பிள்ளைகளிடமே நல்ல சரக்கு இருக்கிறது. "போனாப் போகுது, தாழ" என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பாதியில் உள்ளங்கையைக் கால்சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொள்வாள். 'தாழ' என்னும்போது முட்டியை மடக்கி, கைகளை முன்னால் வைத்துப் பந்தெடுக்கத் தயாராவாள். உடம்புக்கு ஒரு வேலை சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று வெறுமனே சொல்லிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் பிள்ளையை அடுத்த சர்வீஸ் தாண்டிப் போய்விடும். இதையும் பயிற்சியில் பழக்கலாம். வேண்டுமென்றே அவளை ஒரு சர்வீஸை நெட்டில் போடச் சொல்லி, உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பந்தை அனுப்ப வேண்டும். தவறு செய்வதற்கே பயிற்சியா என்று கேட்பார்கள். தவறுக்கு அடுத்த மூன்று நொடிக்கான பயிற்சி அது.

சர்வீஸ் நன்றாகப் படிந்த பிறகு அதே சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது கெடுதல். கைக்குத் தானாக வரும் வேலையை மனம் மறுபடி துண்டுதுண்டாகப் பிரித்து மேற்பார்வை பார்க்கத் தொடங்கினால், நெருக்கடியில் அது குலைந்துபோகிறது. ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1992இல் கோல்ஃப் பந்தை வைத்து இதை எடுத்துக்காட்டினார். விதிகளைச் சொல்லிச் சொல்லிக் கற்றவர்கள், அப்படிக் கற்காதவர்களைவிட நெருக்கடியில் தடுமாறினார்கள். ஆகவே அடுத்த ஆண்டு இதே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருபதுக்குப் பதினெட்டு உள்ளே போடும்போது, அவளுடைய சொல் உடம்பிலிருந்து குறிக்கு நகர வேண்டும். வாலிபால் களத்துக்கு ஆறு எண்கள் உண்டு. எதிரணியின் பின்வரிசையில் வலமூலை ஒன்று, நடு ஆறு, இடமூலை ஐந்து. எங்கே போடப் போகிறாளோ அந்த எண்ணே அவளுடைய சொல். விசில், மூச்சு, "அஞ்சு". கை எப்படிப் போக வேண்டும் என்பது கைக்குத் தெரியும்.

பெரியவர்கள் செய்யும் இரண்டு காரியம் இதையெல்லாம் பாழாக்கும். ஒன்று, பிள்ளையின் சொல்லைப் பிடுங்கிக்கொள்வது. அவள் கோட்டில் நிற்கும்போது ஆசிரியர் வெளியிலிருந்து "முன்னாடி... டப்!" என்று கத்தினால், நேற்று வரை அவளுடையதாக இருந்த சொல் இன்று உத்தரவாகிவிடும். போட்டியன்று அந்தச் சொல் அவள் வாயில் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று, எல்லாக் குறைக்கும் சொல்லே மருந்து என்று நினைப்பது. தோள் வலியோடு அடிக்கும் பிள்ளைக்கு ஓய்வு வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். போட்டிக்கு முந்தைய இரவெல்லாம் தூங்காமல், காலையில் வாந்தியெடுத்து, மைதானத்துக்கே வர அழும் பிள்ளைக்குக் குறிச்சொல் போதாது. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போக வேண்டும். சில வேளை அந்தப் பயத்தின் காரணம் பக்கக்கோட்டில் நிற்கும் நாமாகவே இருக்கலாம்.

குறுவட்டப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறதென்றால் இந்த வாரமே சாக்குக் கட்டியை எடுத்துத் தொடங்கிவிடுங்கள். நாளைக்கே போட்டி என்றால் புதிதாக எந்தச் சொல்லையும் கொடுக்காதீர்கள். பக்கக்கோட்டில் நின்று "நெட்ல போட்டுடாத" என்று மட்டும் கத்தாமல் இருங்கள், மற்றதைப் போட்டி முடிந்து வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.